உதவி: C பிரிவு டேபிள் ஒத்துவரல, ஸ்கிரீன்ஷாட்ல எங்க தப்பு?

பந்துப்பித்தன்
அவசரம் நண்பர்களே. C பிரிவு ஆறு மேட்ச் ரிசல்ட்டும் ஸ்கிரீன்ஷாட்டா இருக்கு. அதை வச்சு கையால டேபிள் போட்டேன். ரெண்டாவது இடத்துக்கு ரெண்டு டீம் பாயின்ட், கோல் வித்தியாசம், அடிச்ச கோல் எல்லாத்துலயும் சமமா நிக்குது. ஆனா நெட்ல இருக்குற டேபிள்ல அதுல ஒரு டீமுக்கு -1 போட்டிருக்கு. மூணு தடவை கூட்டிட்டேன், எனக்கு 0 தான் வருது. காலையில குவிஸ் தாள் பிரின்டுக்குப் போகுது. எது சரி?

கார்னர்கிக்
எந்தப் போட்டி? எந்த வருஷம்? எந்த ரெண்டு டீம்? C பிரிவு இல்லாத போட்டி உலகத்துல உண்டா?

நடுவட்டம்
யூரோ 2024 தானே? டென்மார்க்கும் ஸ்லோவேனியாவும் மூணு மேட்சும் டிரா. ரெண்டு பேருக்கும் 3 பாயின்ட், 2 அடிச்சு 2 வாங்கினாங்க, தங்களுக்குள்ள ஆடினதும் 1-1. அதனால உங்க கணக்கு சரிதான், ரெண்டும் சமம்.

கார்னர்கிக்
அப்போ -1 எங்கிருந்து வந்துச்சு? மூணும் டிரா ஆன டீமுக்கு வித்தியாசம் 0 தவிர வேற எதுவும் வர வழியில்ல. இவர் கேக்குறது வேற போட்டி.

ஆஃப்சைட் அண்ணாச்சி
இங்க வாரம் ஒருத்தர் இப்படி வர்றாங்க. கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும், இதுக்கு இழை எதுக்கு? டேபிளையும் போடாம, ஸ்கோரையும் போடாம "எது சரி"ன்னா ஜோசியமா சொல்ல முடியும்? முழுசா போடுங்க தம்பி.

பந்துப்பித்தன்
மன்னிக்கணும், சொன்னேன்னு நினைச்சுட்டேன். 2022 கத்தார் உலகக்கோப்பை. என் கணக்கு இது (பாயின்ட், அடிச்சது-வாங்கினது, வித்தியாசம்):

அர்ஜென்டினா 6, 5-2, +3
போலந்து 4, 2-2, 0
மெக்சிகோ 4, 2-2, 0
சவூதி 3, 2-5, -3

நெட்ல மெக்சிகோவுக்கு -1.

டச்லைன் தாமு
ஒரு பிரிவுல எல்லா டீமோட கோல் வித்தியாசத்தையும் கூட்டினா பூஜ்யம் வரணும், ஏன்னா ஒருத்தர் அடிச்சது இன்னொருத்தர் வாங்கினது. உங்களுக்கு +3, 0, 0, -3, மொத்தம் பூஜ்யம். ஆக உங்க டேபிள் சரி, நெட்ல போட்டவங்கதான் தப்பு.

மணற்காட்டு கோலி
தாமு அண்ணை, பாதி சரி. அந்தக் கூட்டல் பிடிக்கிற பிழை ஒண்டுதான்: ஒரு கோலை ஒரு பக்கத்தில எழுதி மற்றப் பக்கத்தில விட்டது. ஸ்கோரையே பிழையா வாசிச்சு, அதை ரெண்டு பக்கமும் ஒழுங்கா எழுதினால் பூஜ்யம்தான் வரும். 2-1 ஐ 2-0 எண்டு எழுதிப் பாருங்கோ, ஒண்டும் காட்டிக்குடுக்காது.

பித்தன், மெக்சிகோவை மட்டும் பாக்காதேங்கோ. நெட்டில சவூதிக்கு என்ன கிடக்கு?

பந்துப்பித்தன்
அட. சவூதிக்கு 3-5, -2. என்கிட்ட 2-5, -3. அதைக் கவனிக்கவே இல்ல.

மணற்காட்டு கோலி
அப்ப ஆள் அகப்பட்டுது. உங்கட டேபிளில அடிச்ச கோல் மொத்தம் 5+2+2+2 = 11. நெட்டில 12. ஒரு கோல் குறையுது. அர்ஜென்டினா, போலந்து வரியள் ரெண்டிலயும் ஒண்டுதான். மாறின வரியள் மெக்சிகோ வாங்கினதும் சவூதி அடிச்சதும். அந்த ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் ஆடினது ஒரே ஒரு மட்ச்தான். மற்ற அஞ்சையும் தொடாமல் அந்த ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் பெரிசாக்கிப் பாருங்கோ. ஸ்கோருக்குப் பக்கத்தில FT எண்டு கிடக்கோ, இல்லாட்டி நிமிசம் கிடக்கோ?

கார்னர்கிக்
ஃபைல் பேரையும் பாருங்க. அந்த மேட்ச் கத்தார் நேரம் நவம்பர் 30 இரவு 10 மணி. நமக்கு அது டிசம்பர் 1 அதிகாலை 12.30. ரெண்டரைக்கு முன்னாடி எடுத்த படம்னா ஆட்டம் முடியாம எடுத்ததுதான். தேதியைப் பார்த்து அடுக்குறவங்களுக்கு இன்னொரு தொல்லை: சில தளத்துல இதே மேட்ச் 30ஆம் தேதியில இருக்கும், சிலதுல 1ஆம் தேதியில. ரெண்டையும் தனித்தனி மேட்ச்னு நினைச்சு ரெண்டு தடவை ஏத்திடுவாங்க. ஆடின மேட்ச் எண்ணிக்கையைக் கூட்டினா தெரிஞ்சுரும். நாலு டீம், ஆளுக்கு மூணு, மொத்தம் 12 வரணும்.

ஆஃப்சைட் அண்ணாச்சி
இது எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்ச்தான். ஹென்ரி மார்ட்டின் 47, லூயிஸ் சாவேஸ் 52 ஃப்ரீ கிக், 2-0. அப்புறம் 90+5ல சலேம் அல் தவ்சாரி ஒண்ணு அடிச்சாரு. ஃபைனல் ஸ்கோர் 2-1. மேட்சைப் பார்த்திருந்தா இந்தக் கேள்வியே வராது.

பந்துப்பித்தன்
படத்துல 90+1' னு பொடியா இருக்கு. ஃபைல் நேரம் 2.21. நண்பன் அனுப்பினது, நான் முடிஞ்ச ஸ்கோர்னு நினைச்சுட்டேன். சரி, அப்போ அந்தக் கோல்தான் மெக்சிகோவை வெளியே அனுப்புச்சுன்னு குவிஸ்ல எழுதலாமா?

மணற்காட்டு கோலி
எழுதாதேங்கோ. 2-0 வில நிக்கேக்கயே மெக்சிகோ மூண்டாவதுதான். அந்த நேரம் மற்ற மட்ச்சில அர்ஜென்டினா போலந்தை 2-0 எண்டு வெண்டு கொண்டு நிண்டது. அப்ப நீங்கள் போட்ட டேபிள்தான் அந்த நிமிசத்து உண்மையான டேபிள்: ரெண்டு பேருக்கும் 4 புள்ளி, வித்தியாசம் 0, அடிச்சது 2.

டச்லைன் தாமு
சமம்னா தங்களுக்குள்ள ஆடினதைப் பார்க்கணும். அதுவும் 0-0. அப்போ சீட்டுக் குலுக்கல் தானே?

கார்னர்கிக்
குலுக்கலுக்கு முன்னாடி ஃபேர் ப்ளே இருக்கு. மஞ்சள் அட்டைக்கு 1 கழியும், ரெண்டு மஞ்சள் வாங்கி வெளியே போனா 3, நேரடி சிவப்புக்கு 4, மஞ்சள் வாங்கினவரே அப்புறம் நேரடி சிவப்பு வாங்கினா 5. போலந்துக்கு 5 மஞ்சள், மெக்சிகோவுக்கு 7. போலந்து மேலே. 2018ல ஜப்பான் செனகலைத் தாண்டினதும் இப்படித்தான், -4க்கு -6. ஸ்கோர் படத்துல அட்டை தெரியாது, அதனால ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் வச்சு இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. ஒவ்வொரு மேட்சோட விவரப் பக்கமும் தனியா வேணும்.

மணற்காட்டு கோலி
அதோட மெக்சிகோவுக்கு என்ன தேவைப்பட்டது எண்டு குவிஸில கேக்கப் போறியள் எண்டால், கடைசி மட்ச்சுக்கு முந்தின டேபிளில இருந்து தொடங்குங்கோ: போலந்து 4 (+2), அர்ஜென்டினா 3 (+1), சவூதி 3 (-1), மெக்சிகோ 1 (-2, ஒரு கோலும் அடிக்கேல்ல). மெக்சிகோ வெல்லவே வேணும், வெண்டால் சவூதி 3 இலயே நிண்டிடும். போலந்து 2-0 தோத்தால் அவைக்கு வித்தியாசம் 0, அடிச்சது 2.

இப்ப மெக்சிகோ ரெண்டு கோலால வெண்டால் அவைக்கும் 0. ஆனால் எந்த "ரெண்டு கோலால" எண்டது முக்கியம். 2-0 எண்டால் அடிச்சதும் 2, அட்டைக்குப் போகும், வெளியே. 3-1 எண்டால் வித்தியாசம் அதேதான், ஆனால் அடிச்சது 3, மெக்சிகோ உள்ளே. "ரெண்டு கோல் வித்தியாசத்தில வெண்டால் போதும்" எண்டு எழுதினால் பாதிப் பிழை.

சவூதியின்ர கோலுக்குப் பிறகும் மெக்சிகோவுக்குத் தேவை இன்னும் ஒரு கோல்தான். அது மாறேல்ல. மாறினது, வெளியே போன காரணம்: அட்டையில இருந்து கோல் வித்தியாசத்துக்கு.

ஆஃப்சைட் அண்ணாச்சி
அட்டை எண்ணி டீமை அனுப்புறது கேவலமான விதி. நேருக்கு நேர்தான் முதல்ல பார்க்கணும்.

கார்னர்கிக்
இங்க நேருக்கு நேர் 0-0 அண்ணாச்சி. முதல்ல பார்த்தா மட்டும் என்ன மாறும்?

ஆஃப்சைட் அண்ணாச்சி
பொதுவா சொல்றேன். ஸ்பெயின் லீக் 2006-07 பாருங்க. ரியலும் பார்சாவும் 76 பாயின்ட். பார்சாவுக்கு +45, ரியலுக்கு +26. கோப்பை ரியலுக்கு, ஏன்னா தங்களுக்குள்ள 2-0, 3-3. பலமான எதிரியை ஜெயிச்சவனுக்குத்தானே மரியாதை?

டச்லைன் தாமு
38 மேட்ச் ஆடி 19 கோல் கூடுதலா வச்சிருக்கிறவன் ரெண்டு மேட்சால தோக்குறது நியாயமா? இங்கிலாந்து மாதிரி இருக்கணும். 2011-12ல ரெண்டு மான்செஸ்டரும் 89 பாயின்ட், சிட்டி +64, யுனைடெட் +56. முடிஞ்சுது கதை.

ஆஃப்சைட் அண்ணாச்சி
அந்த வருஷம் நேருக்கு நேரும் சிட்டிதான், 6-1, 1-0. உங்க உதாரணம் எனக்குத்தான் சாட்சி சொல்லுது.

செவன்ஸ் செல்வா
இடையில ஒரு சந்தேகம். எங்க ஊர் செவன்ஸ் டோர்னமென்ட்ல ஒரு டீம் வரல, வாக்ஓவர். டேபிள்ல கோல் எவ்வளவு போடணும்? கமிட்டி 1-0ங்குது, ஜெயிச்ச டீம் 3-0 கேக்குது.

கார்னர்கிக்
ஃபிஃபா விதிப்படி பதினோரு பேர் ஆட்டத்துக்கு 3-0, ஃபுட்சலுக்கு 5-0. செவன்ஸ்க்கு உங்க நோட்டீஸ்ல என்ன அச்சடிச்சிருக்கோ அதுதான். அடிச்சிருக்கா?

பித்தன், அடுத்த தடவை கையால கூட்ட வேண்டாம். ஷீட்ல B டீம், C அதோட கோல், D எதிராளி கோல், E எதிராளின்னு போட்டு, டீம் பேரை H2ல வச்சா அடிச்ச கோல் இது:

```
=SUMIF(B:B,H2,C:C)+SUMIF(E:E,H2,D:D)
```

வாங்கின கோலுக்கு C:C, D:D ரெண்டையும் இடம் மாத்துங்க. ஸ்கோரை 2-1னு ஒரே கட்டத்துல ஒட்டினா அது தேதியா மாறிடும், அதனாலதான் தனித்தனி கட்டம். பேரை ஒரு வரியில "சவூதி", இன்னொண்ணுல "சவுதி"ன்னு அடிச்சா அந்த மேட்ச் சத்தமில்லாம விழுந்துரும். தாமு சொன்ன பூஜ்யக் கூட்டல் அங்கதான் உதவும், ஆனா அந்த மேட்ச் டிராவா இருந்தா அதுவும் பிடிக்காது.

மணற்காட்டு கோலி
ஒண்டு மட்டும் கேக்கிறன். அர்ஜென்டினா மூண்டாவது கோல் அடிச்சிருந்தால்? போலந்து 2-3, மெக்சிகோவும் 2-1 இல முடிச்சு 2-3. திரும்ப எல்லாம் சமம், திரும்ப அட்டை. குவிஸுக்கு நல்ல கேள்வி.

பந்துப்பித்தன்
2-1னு மாத்தினேன், நாலு வரியும் நெட்டோட ஒத்துப்போகுது. 3-1 கேள்வியையும் சேர்த்துட்டேன். பிரின்டுக்கு அனுப்பியாச்சு, நன்றி.

டச்லைன் தாமு
அண்ணாச்சி, யுனைடெட் 8 கோல் கம்மியா இருந்ததை நீங்க இன்னும் பதில் சொல்லல.

செவன்ஸ் செல்வா
நோட்டீஸ்ல வாக்ஓவர் பத்தி ஒண்ணுமே இல்லீங்க. இப்போ என்ன பண்றது?