சராசரித் தகைவு 180, குட்மேன் கோடு அலைவை 260 வரை அனுமதிக்கிறது. 120-இலேயே கம்பி முறிந்தது ஏன்?

கதிர்_இயந்திரம்:
அவசரம். எப்போதும் இழுவையில் இருக்கும் எஃகுக் கம்பி. நிலையான தகைவு 180 மெகாபாஸ்கல், அதன்மேல் கூட்டியும் குறைத்தும் 120 ஏறி இறங்குகிறது. இழுவை வலிமை 700. அதில் பாதியை, அதாவது 350-ஐ, அயர்வு வரம்பாக எடுத்தேன். குட்மேன் கோட்டின்படி:

```
Sa = Se (1 - Sm/Su) = 350 (1 - 180/700) = 260
```

260 வரை தாங்க வேண்டியது 120-இலேயே முறிந்துவிட்டது. மாற்றுக் கம்பி நாளை கடைசலுக்குப் போகிறது. கோடு தவறா, எஃகு தவறா?

லேத்மணி:
எந்த இடத்தில் முறிந்தது? நடுவிலா, திருகு மரையிலா, விட்டம் மாறும் இடத்திலா? அதைச் சொல்லாமல் எதுவும் சொல்ல முடியாது.

நித்யா_வடிவமைப்பு:
இவற்றையும் சொல்லுங்கள்: மேற்பரப்பு கடைந்ததா, தேய்த்ததா? எத்தனை சுழற்சி ஓடியது? ஈல்டு வலிமை என்ன? 120 என்பது நடுவிலிருந்து ஒரு பக்க அளவா, மேலிருந்து கீழ்வரை மொத்த வீச்சா?

அருள்:
180-உம் 120-உம் சேர்ந்தால் 300. 700 தாங்கும் எஃகு 300-இல் முறிந்தால் எஃகுதான் போலி. பொருள் சான்றிதழைக் கேளுங்கள்.

பழைய கை:
அருள், மாறாத சுமைக்குத்தான் அந்தக் கூட்டல் கணக்கு. இங்கே கேள்வியே ஏறி இறங்கும் சுமையைப் பற்றியது. கதிர் தம்பி, பாடத்தின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும். அந்த 350 சோதனைச் சாலையில் மெருகேற்றிய சிறு மாதிரிக்கு உரியது. உங்கள் கம்பிக்கு உரியதல்ல. பயிற்சி இல்லாதவர்கள், இழுவை வலிமைக்குப் பதில் ஈல்டு வலிமையை வைக்கும் சோடர்பெர்க் கோட்டோடு நின்றுகொள்வது நல்லது.

கதிர்_இயந்திரம்:
லேத்தில் கடைந்தது. 24 மி.மீ. விட்டம் 20-ஆகக் குறையும் தோளில் முறிந்தது; மூலை ஆரம் 0.5 மி.மீ. தகைவுகளைக் கணக்கிட்டது 20 மி.மீ. விட்டத்தில். 120 ஒரு பக்க அளவு. ஈல்டு 450. கவுண்ட்டர் 2 லட்சத்தை ஒட்டிக் காட்டியது. முறிந்த முகத்தில் ஒரு பக்கம் வழுவழுப்பு, அதில் கிளிஞ்சல் ஓட்டில் இருப்பதுபோல் வளைகோடுகள், மறுபக்கம் சொரசொரப்பு.

நித்யா_வடிவமைப்பு:
நல்ல விவரம். அந்த வளைகோடுகள் தோளின் மூலையில் தொடங்கி உள்ளே விரிகின்றனவா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அது அயர்வு முறிவுதான்; எஃகு போலி என்று சொல்ல இடமில்லை. வழுவழுப்பு என்பது விரிசல் மெல்ல வளர்ந்த பகுதி. சொரசொரப்பு, மிஞ்சிய உலோகம் கடைசிச் சுமையைத் தாங்காமல் ஒரே நொடியில் கிழிந்த பகுதி.

இனிக் கணக்கு. 350-ஐ முதலில் உங்கள் கம்பிக்கு ஏற்றபடி குறைக்க வேண்டும். 700 வலிமையுள்ள எஃகில் கடைந்த மேற்பரப்புக்குச் சுமார் 0.8. வளைவு இல்லாமல் நேர் இழுவை மட்டும் என்பதால் 0.85. ஆக 238. குட்மேன் கோட்டில் 180 சராசரிக்கு அனுமதி:

```
238 (1 - 180/700) = 177
```

அடுத்தது தோள். 24-இலிருந்து 20-க்கு இறங்கும் இடத்தில் ஆரம் 0.5 என்றால் கோட்பாட்டுத் தகைவுச் செறிவு 2.2-ஐ ஒட்டி வரும். அவ்வளவு சிறிய ஆரத்தில் இந்த எஃகு அதை முழுதாக உணர்வதில்லை. அயர்வுக்குச் சுமார் 1.8 என்று கொள்ளலாம். 120-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 216. அனுமதி 177, வந்தது 216.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மேற்பரப்பைக் கழித்துவிட்டுத் தோளை மறந்திருந்தால் 177-க்கு எதிராக 120, பிழைத்திருக்கும் என்றே காட்டும். தோளைச் சேர்த்து 350-ஐ அப்படியே விட்டிருந்தால் 260-க்கு எதிராக 216, அப்போதும் பிழைத்திருக்கும் என்றே காட்டும். இரண்டும் சேரும்போதுதான் முறிவு தெரிகிறது.

பார்த்திபன்:
குட்மேன் அளவுக்கு மீறிப் பயப்படும் கோடு. நெகிழும் எஃகுக்குக் கெர்பர் வளைவுதான் சோதனைப் புள்ளிகளோடு ஒத்துப்போகும்:

```
238 (1 - (180/700)^2) = 222
```

லேத்மணி:
அப்படியானால் 222-க்குக் கீழே 216. உங்கள் வளைவு பிழைக்கும் என்கிறது. கம்பி முறிந்து கிடக்கிறதே ஐயா!

பழைய கை:
சோடர்பெர்க் போட்டிருந்தால் 143. இந்தப் பேச்சே வந்திராது.

நித்யா_வடிவமைப்பு:
பார்த்திபன் சொல்வதில் பாதி சரி. கெர்பர் புள்ளிகளின் நடுவே ஓடுகிறது. அதனால்தான் ஏறக்குறைய பாதிப் புள்ளிகள் அதற்குக் கீழேயும் விழும். முறிந்ததன் காரணத்தை ஆராய அது பொருத்தம், புதிதாக வடிவமைக்கப் பொருந்தாது. ஆனால் இந்த ஒரு கம்பியை வைத்துக் கெர்பரைத் தோற்கடித்துவிடவும் முடியாது. 216-க்கும் 222-க்கும் உள்ள இடைவெளி, 1.8 என்ற என் மதிப்பீட்டின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும்.

பார்த்திபன்:
அப்படியானால் இன்னொன்று: அந்த 1.8-ஐச் சராசரித் தகைவின்மீது ஏன் போடவில்லை? தோள் இரண்டுக்கும் ஒன்றுதானே? போட்டால் சராசரி 324, அனுமதி 128-ஆக இறங்கிவிடும்.

நித்யா_வடிவமைப்பு:
324-உம் 216-உம் சேர்ந்தால் மூலையில் 540. ஈல்டு 450-தான். அந்தச் சிறு இடம் முதல் ஏற்றத்திலேயே இளகிவிடும். அதன்பின் அங்கே சராசரி 450-இலிருந்து 216 போக 234-ஐ ஒட்டி நிற்கும். அதற்கு அனுமதி 158. நெகிழும் எஃகில் சராசரியைப் பெருக்காமல் விடுவது பலருடைய வழக்கம். நானும் அப்படியே செய்தேன். எந்த வழியில் போனாலும் 216 குட்மேன் கோட்டுக்கு வெளியேதான். நொறுங்கும் உலோகமாக இருந்தால் நீங்கள் சொன்னபடி இரண்டையும் பெருக்கியே ஆக வேண்டும்.

பார்த்திபன்:
பெருக்காமல் விடுவதை நான் ஏற்கவில்லை. 158-ஐ எடுத்துக்கொள்வதுதான் நேர்மையான கணக்கு.

செல்வி_பராமரிப்பு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எங்கள் இயந்திரத்தில் போல்ட்கள் முறிந்துகொண்டே இருந்தன. இன்னும் இறுக்கமாக முடுக்கிய பிறகு முறிவு நின்றுவிட்டது. சராசரி கூடினால் அனுமதி குறையும் என்கிறீர்கள். இது எப்படி நேர்மாறாக வந்தது?

லேத்மணி:
தளர்ந்த மூட்டில் ஏற்ற இறக்கம் முழுவதும் போல்ட்டின்மீதே விழும். இறுக்கி முகங்களை அழுத்தி வைத்தால் அதில் பெரும்பங்கை அந்த முகங்களே வாங்கிக்கொள்ளும். போல்ட்டுக்குச் சிறுபங்குதான் வரும். சராசரி கூடியதால் வந்த இழப்பைவிட, அலைவு குறைந்ததால் வந்த லாபம் பெரிது. கதிரின் கம்பியில் அப்படிப் பங்கு போட எதுவும் இல்லை.

கதிர்_இயந்திரம்:
வளைகோடுகள் மூலையில்தான் தொடங்குகின்றன. ஆரத்தை 2 மி.மீ. ஆக்கினால் போதுமா?

நித்யா_வடிவமைப்பு:
போதாது. 2 மி.மீ. ஆரத்துக்கு 1.8 சுமார் 1.5-ஆகிறது; 120-க்கு 180 வரும். அனுமதி 177. இன்னும் கோட்டின் மேலேயே நிற்கிறீர்கள். தோளைத் தேய்த்து முடித்தால் 0.8 என்பது 0.9-ஆகும், வரம்பு 268, அனுமதி 199. இதுவும் மெல்லிய இடைவெளிதான். முடிந்தால் அலைவையும் குறையுங்கள். சராசரி மாறாமல் அலைவு மட்டும் கூடக்கூடும் என்பதால், காப்புக் காரணியை அனுமதி வகுத்தல் வந்த அலைவு என்றே பாருங்கள். தோளைச் சுற்றி ஓடும் கடைசல் கோடுகள் மிஞ்சாதபடி, கம்பியின் நீளவாக்கிலேயே தேய்க்கட்டும்.

பழைய கை:
நம்பகத்தன்மைக் காரணியை இன்னும் யாருமே போடவில்லை.

நித்யா_வடிவமைப்பு:
உண்மை. 99 சதவீதம் வேண்டுமென்றால் 268-ஐச் சுமார் 0.81-ஆல் பெருக்க வேண்டும். அனுமதி 161-ஆக இறங்கும். அலைவைக் குறைக்கச் சொன்னது அதனால்தான்.

கதிர்_இயந்திரம்:
ஆரம் 2, தேய்த்து முடித்தோம். அலைவை 100-க்குக் குறைத்தோம். 10 லட்சத்தைத் தாண்டி ஓடுகிறது. நன்றி.

பார்த்திபன்:
சராசரியைப் பெருக்கிப் பார்த்தீர்களா?