கலைச்சொல் வேண்டும்: வேர்டு கோப்பில் படங்களின் கனத்தைக் குறைப்பதற்கு

அன்பர்களே,

திருவதிகை கோயிலைப் பற்றி எங்கள் மாணவர்கள் தொகுத்த கையேடு வேர்டில் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த 40 படங்கள். கோப்பு 160 எம்.பி. திறக்க நேரமாகிறது, பக்கத்தைத் தள்ளினால் திரை நின்று நின்று நகர்கிறது. ஜிப் செய்து பார்த்தேன், அளவு அசையவே இல்லை. படத்தின் தரம் கண்ணுக்குத் தெரிந்து குறையாமல் கனத்தை மட்டும் குறைக்கும் வழியை மாணவர்களுக்குக் குறிப்பாக எழுத வேண்டும். "படச்சுருக்கம்" என்று தலைப்பிடலாமா?

– தமிழாசிரியை, கடலூர்

*

அம்மா, "சுருக்கம்" என்றால் கட்டுரைச் சுருக்கம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். "படக்குறுக்கம்" எனலாம். செய்வது எளிதுதான்: படத்தின் மூலையைப் பிடித்துச் சிறிதாக்குங்கள், கோப்பும் சிறிதாகிவிடும்.

– நெல்லிக்குப்பம்

*

நெல்லிக்குப்பம் அண்ணா சொன்னதில் பாதி சரி. மூலையை இழுத்தால் பக்கத்தில் தெரியும் அளவுதான் குறையும். உள்ளே முழுப் படமும் அப்படியே கிடக்கும். ஆனால் அந்த இழுப்பு வீணில்லை. அடுத்த படியில் எவ்வளவு குறைக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

டீச்சரின் ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். கைப்பேசிப் படம் 4000 × 3000 புள்ளிகள், பக்கத்தில் 12 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 847 புள்ளி வருகிறது. அச்சுக்கு 220 போதும். அப்படிக் குறைத்தால் படம் சுமார் 1040 × 780 ஆகும். மொத்தப் புள்ளிகள் பதினைந்தில் ஒரு பங்கு. கோப்பு மெதுவாக இருப்பதற்கும் இதுவே காரணம். வட்டில் 4 எம்.பி. இருக்கும் ஜேபெக் படம், திரையில் காட்டுவதற்காக விரியும்போது நினைவகத்தில் 48 எம்.பி. வரை பிடிக்கும். ஜிப் உதவாததும் இதனால்தான்: .docx என்பதே ஒரு ஜிப், ஜேபெக் ஏற்கெனவே இறுக்கப்பட்டது.

செய்முறை: முதலில் கோப்பை நகலெடுத்து வையுங்கள், குறைத்ததைத் திரும்பப் பெற முடியாது. ஒரு படத்தைச் சொடுக்கி `Picture Format` பட்டையில் `Compress Pictures`. அங்கே `Apply only to this picture` என்பதில் குறி இருக்கும். அதை எடுக்காவிட்டால் அந்த ஒரு படம் மட்டுமே குறையும். `Delete cropped areas of pictures` குறியிருந்தால் வெட்டி மறைத்த ஓரங்களும் போய்விடும். `Print (220 ppi)` தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். கோப்பு பத்துப் பதினைந்து எம்.பி.க்குள் வர வேண்டும். வரவில்லையென்றால், நகலின் பெயரில் .docx என்பதை .zip என்று மாற்றித் திறந்து `word/media` கோப்புறையைப் பாருங்கள். எந்தப் படம் இன்னும் பெருத்துக் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆக, இதில் இரண்டு வேலைகள் உள்ளன. நுணுக்கத்தை இழக்காமலோ இழந்தோ தரவை நெருக்கி வைப்பது ஒன்று, அதற்கு "இறுக்கம்". புள்ளிகளின் எண்ணிக்கையையே குறைப்பது வேறு. டீச்சருக்கு வேண்டிய சொல் இரண்டாவதற்கு.

– மென்பொருள் பணி, புதுச்சேரி

*

அண்ணா, என் கல்லூரி ரெக்கார்டில் பெரும்பாலும் திரைப்பிடிப்புகள்தான். 96-ல் வைத்துக் குறைத்தேன், எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. இதற்கும் அதே சொல்லா?

– மாணவர், லாசுப்பேட்டை

*

தம்பி, வேலை அதேதான், படம்தான் வேறு. வானமும் சுவரும் புள்ளி குறைந்தால் தாங்கும். எழுத்தின் கூரிய ஓரம் தாங்காது. திரைப்பிடிப்பை விட்டுவிட்டு, ஒளிப்படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேர்ந்து குறைக்கவும். டீச்சரும் கவனிக்க வேண்டும்: கல்வெட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் படிப்பார்கள். 12 செ.மீ. அளவில் நன்றாகத் தெரிவது, பெரிதாக்கினால் வாசிக்க முடியாமல் போகும். அவற்றின் மூலப்படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

– மென்பொருள் பணி, புதுச்சேரி

*

நாங்கள் எள் நெருக்கமாக முளைத்தால் நடுவில் பிடுங்கி இடைவெளி விடுவோம். அதைச் செடி கலைப்பது என்போம். "புள்ளிக் கலைப்பு" பொருந்துமா?

– பண்ருட்டி

*

அழகான சொல் ஐயா. ஒரு நெருடல்: இங்கே புள்ளிகளைப் பிடுங்கி எறிவதில்லை. பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்துதான் புதுப் புள்ளி உண்டாகிறது.

– மென்பொருள் பணி, புதுச்சேரி

*

"கலைப்பு" என்றதும் கருக்கலைப்பும் சட்டமன்றக் கலைப்பும்தான் நினைவுக்கு வரும். எனக்குச் சம்மதமில்லை. "புள்ளிக் குறைப்பு" போதாதா?

– நெல்லிக்குப்பம்

*

கையேட்டுக் குறிப்பில் இப்போதைக்கு "புள்ளிக் குறைப்பு" என்றே எழுதுகிறேன். "இறுக்கம்" தனியாக வரும். பண்ருட்டி ஐயாவின் சொல்லை விடவும் மனமில்லை. கல்வெட்டுப் படங்கள் ஏழையும் 330-ல் வைத்துப் பார்க்கப் போகிறேன். அதில் எழுத்து நிற்குமா என்று யாராவது சொல்லுங்கள்.

– தமிழாசிரியை, கடலூர்