ஏணியும் மூலையும்: உங்களுக்கு எங்கே சிக்கியது?

பெயிண்டர் மகன்

ஒன்பது வருடமாகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அப்பா ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் வேலை எடுத்திருந்தார். எட்டடி அகலத் தாழ்வாரம், அதன் கோடியில் செங்கோணமாகத் திரும்பும் குறுகிய நடை. நடையின் அகலம் 3 அடி 4½ அங்குலம். டேப்பை நானே பிடித்து அளந்தேன். எங்களிடம் இருந்தது 16 அடி மூங்கில் ஏணி.

நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. முந்தின இரவு நோட்டில் படம் வரைந்து, ஏணி சரிபாதி திரும்பும்போது, அதாவது 45 பாகையில், எவ்வளவு இடம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். 16 அடி 1 அங்குலம் வந்தது. "போகும் அப்பா" என்றேன். அப்பா என் பேச்சை நம்பினார்.

பாதி திரும்புவதற்கு முன்பே ஏணி நின்றுவிட்டது. முன் முனை எதிர்ச்சுவரில், பின் முனை தாழ்வாரத்தின் வெளிச்சுவரில், நடுவில் உள்மூலை. இழுத்தபோது அன்று காலை பூசிய நீலத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் விழுந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. விரலை நனைத்து அந்தக் கீறலைத் தடவிப் பார்த்தார். அதுதான் மறக்கவில்லை. என் கணக்கில் எங்கே தவறு?

கரும்பலகை

இருபத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்தவன். இதே கணக்கில் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, மிக நீளமான ஏணியைக் கேட்கிறார்கள், நீங்கள் சிறுமத்தைக் கண்டுபிடிக்கிறீர்களே" என்று கேட்டாள். சாக்பீஸோடு அப்படியே நின்றேன். சூத்திரம் தெரிந்த எனக்கு அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மறுநாள் கொண்டுபோன பதில் இது. ஏணி ஒரே கோணத்தில் நிற்பதில்லை. 0 பாகையில் தொடங்கி 90 பாகை வரை எல்லாக் கோணத்தையும் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு கோணத்திலும், உள்மூலையை உரசி இரு வெளிச்சுவர்களையும் தொடும் கோட்டின் நீளம்தான் அங்கே கிடைக்கும் இடம். வழி நெடுக எங்கே இடம் மிகக் குறைகிறதோ அதுவே ஏணியின் எல்லை. ஆகவே சிறுமம்.

தம்பியின் அளவுகளுக்கு, ஏணி தாழ்வாரத்தின் திசையோடு செய்யும் கோணம் θ என்றால், கிடைக்கும் இடம்

```
L = 8/sin θ + 3.375/cos θ
```

வகையிட்டுச் சுழியமாக்கினால் tan³θ = 8/3.375. கனமூலம் எடுத்தால் tan θ = 2/1.5 = 4/3. பழைய 3-4-5 முக்கோணம்தான், சுமார் 53 பாகை. sin 4/5, cos 3/5. தாழ்வாரத்தில் 10 அடி, நடையில் 5.625 அடி, மொத்தம் 15 அடி 7½ அங்குலம். உங்கள் ஏணி நாலரை அங்குலம் அதிகம். இடுக்கு 53-இல் இருக்க, நீங்கள் 45-இல் அளந்தீர்கள். இரண்டு அகலமும் வேறாக இருந்தால் இடுக்கு நடுக்கோணத்தில் வராது.

நாலடி வீடு

ஐயா சொல்வது புத்தகத்துக்குச் சரி. எங்கள் வீட்டில் இரண்டு நடையும் நாலடி. 45 பாகையில் கணக்குப் போட்டால் 11.3 அடி. பத்தடி ஏணியைப் பலமுறை கொண்டுபோயிருக்கிறேன், ஒரு இடத்திலும் தட்டியதில்லை. மூலையில் 45 பாகைதான் மோசமான இடம் என்பது கண்ணுக்கே தெரிகிறது. தம்பி டேப்பைத் தளர்வாகப் பிடித்திருப்பார். அளக்கும்போது இருவர் வேண்டும், ஒருவர் சுழியை அழுத்திப் பிடிக்க வேண்டும், மூன்று இடத்தில் அளந்து குறைந்ததை எடுக்க வேண்டும், பூச்சு தடித்த இடம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும், இரும்பு டேப் கொக்கி ஆடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கரும்பலகை

உங்கள் வீட்டில் இரண்டும் நாலடி என்பதால்தான் 45 பொருந்துகிறது. அவருடைய மூலை வேறு.

மாடிப்படி அக்கா

இந்தக் கணக்குக்கு ஐம்பது வருடமாக விடையே கிடைக்கவில்லை என்று படித்தேனே? எங்கள் பீரோவும் இப்படித்தான் மாட்டியது. கால்களைக் கழற்றி, கதவையும் நிலையிலிருந்து எடுத்த பிறகுதான் போனது. பீரோவுக்கு ஏதாவது சூத்திரம் உண்டா?

கரும்பலகை

அக்கா, நீங்கள் படித்தது சோபா கணக்கு. ஒரு அலகு அகல மூலையில் திரும்பக்கூடிய மிகப் பெரிய பரப்பு எது என்பது கேள்வி; 1966-இல் லியோ மோசர் கேட்டார். 1992-இல் கெர்வர் 2.2195 சதுர அலகு கொண்ட ஒரு வடிவத்தைக் கொடுத்தார். அதற்கு மேல் முடியாது என்பதற்கு 2024-இல் ஜினியன் பேக் ஒரு நிரூபணம் வெளியிட்டார். அங்கே வடிவத்தையே தேட வேண்டும். ஏணி வெறும் கோடு என்பதால் ஒரு வகையீட்டில் முடிந்துவிடுகிறது. பீரோவின் அகலத்தையும் ஆழத்தையும் சொல்லுங்கள், பார்க்கலாம்.

வயரிங் அண்ணன்

ஏணி வெறும் கோடா ஐயா? அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. தம்பி எழுதியதைத் திரும்பப் படியுங்கள். பாதி திரும்பும் முன்பே நின்றது என்கிறார். கோடாக இருந்தால் 45-ஐத் தாண்டி, 46-க்குச் சற்று முன் நின்றிருக்க வேண்டும். பக்க மூங்கில் மூன்று அங்குலப் பருமன் இருக்கும். 45 பாகையில் அந்தப் பருமன் இரண்டு மடங்காக நீளத்தை விழுங்கும்: ஆறு அங்குலம். அவருடைய 16 அடி 1 அங்குலம் அங்கேயே 15 அடி 7 ஆகிவிட்டது. நான் போட்டுப் பார்த்தேன், 42 பாகையிலேயே முட்டும். 53-இல் கணக்குப்படி 15 அடி 1 அங்குல ஏணிதான் போகும். டேப் தளர்ச்சி எல்லாம் இல்லை.

ஒரு மருத்துவமனை வராந்தாவில் எனக்கு இதே கதி. ஏணியைப் படுக்கையாகத் தூக்கிப் போனேன். படுக்கப்போட்டால் 15 அங்குல அகலமும் பருமனாகிவிடும், இரண்டரை அடி போய்விடும். பக்கவாட்டில் நிறுத்தித்தான் எடுத்துப் போக வேண்டும் என்று ஒரு வார்டு உதவியாளர் சொல்லிக் கொடுத்தார்.

இன்னொன்று. பின் முனையைத் தூக்குங்கள். சாய்த்தால் தரையில் விழும் நிழலின் நீளம் குறையும், மூலைக்கு அந்த நிழல்தான் கணக்கு.

கரும்பலகை

பருமனை விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். சாய்ப்பதற்கு: 16 அடியின் நிழல் 15.1 அடியாக வேண்டும், வர்க்கங்களைக் கழித்தால் பின் முனை ஐந்தே கால் அடி உயர்ந்தால் போதும்.

வயரிங் அண்ணன்

போதாது ஐயா. பக்கவாட்டில் நிறுத்திச் சாய்க்கும்போது அந்த 15 அங்குல அகலமும் சாய்ந்து, நிழலில் அரையடி சேரும். ஆறே முக்கால் அடி தூக்க வேண்டும். முன் முனை தரையோடு நடைக்குள் நுழைய வேண்டும், உயரும் முனை தாழ்வாரத்தில் இருக்க வேண்டும். நேரான பிறகுதான் இறக்கலாம்.

பெயிண்டர் மகன்

பருமன். அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

தாழ்வாரத்தில் கூரை உயரம்தான், ஆனால் இடையில் ஒரு உத்தரம் இறங்கியிருந்தது. தரையிலிருந்து எவ்வளவு என்று நினைவில்லை. அதற்கு அடியில் ஆறே முக்கால் அடி தூக்கி, மேல் மூங்கிலுக்கும் இடம் விட்டுத் திருப்ப முடியுமா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அன்று கடைசியில் ஏணியை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, கட்டடத்தைச் சுற்றி மறுபக்கமாகக் கொண்டுவந்தோம். அப்பா மாலையில் அந்த நீலத்தை மறுபடி கலந்து கீறலை மூடினார். நிறம் ஒரு மாற்றுக் குறைவாகவே வந்தது.

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். உத்தரத்தை அளந்துவிட்டு எழுதுகிறேன்.