[கலைச்சொல்] இருள் முறைக்கு ஏற்பப் படம் மாறுவதை என்னவென்று சொல்வது?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு வலைத்தள வார்ப்புருவின் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பார்வையாளரின் போனோ கணினியோ டார்க் மோடுக்குப் போனதும் தளத்தின் சின்னமும் ஓவியங்களும் தாமாகவே வேறு படத்துக்கு மாறுகிற வசதி அதில் இருக்கிறது. 'இருள் முறை' என்ற சொல்லை நாம் முன்பே ஏற்றுக்கொண்டோம். அப்போது வருகிற அந்த இன்னொரு படத்துக்குத்தான் சொல் இல்லை. 'மாற்றுப்படம்' என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த பத்தியிலேயே படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான 'மாற்று உரை' வருகிறது. இரண்டும் ஒரே பொருளைப் பற்றியவை போலத் தெரிகின்றன.

வசதி எதற்கு என்பதற்கு ஒரு காட்சி. எங்கள் ஊர் வாசகசாலைத் தளத்தின் சின்னம் பின்னணி இல்லாத பிஎன்ஜி. கருநீல எழுத்து, அதன்மேல் கறுப்பு அகல்விளக்கு, மஞ்சள் சுடர். இருள் முறையில் பக்கத்தின் பின்னணி `#121212` ஆனதும் எழுத்தும் அகலும் காணாமல் போய், சுடர் மட்டும் அந்தரத்தில் நின்றது.

முருகேசன் எழுதியது:

அன்புள்ள கயல்விழி, இதற்கு 'இரவுப்படம்' போதுமே. பொழுது சாய்ந்தபின் தோன்றும் படம் என்று மாணவர்களுக்கும் உடனே விளங்கும்.

நஸ்ரின் எழுதியது:

ஐயா, இது பொழுதைப் பார்த்து நடப்பதில்லை. கண் கூசுகிறது என்று பட்டப்பகலிலும் இருள் முறையில் வைத்திருப்பவர்கள் நிறைய உண்டு. சூரியன் மறைந்ததும் மாறும்படி போனில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது போனின் கணக்கு. தளத்துக்குத் தெரிவது ஒன்றுதான்: இவர் இருளைக் கேட்கிறாரா, வெளிச்சத்தைக் கேட்கிறாரா. முக்கிய உலாவிகள் 2019 முதல் அதைத் தளங்களுக்குச் சொல்லத் தொடங்கின. வாசகசாலைச் சின்னத்துக்கு இவ்வளவு எழுதினால் போதும்:

```html
<picture>
  <source srcset="logo-dark.png"
    media="(prefers-color-scheme: dark)">
  <img src="logo.png" width="240" height="80"
    alt="வாசகசாலை">
</picture>
```

உலாவி மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் பொருந்தும் வரியை எடுத்துக்கொள்ளும். எதுவும் பொருந்தாவிட்டால் `img`-இல் உள்ள படம். பக்கம் திறந்திருக்கும்போதே போன் இருள் முறைக்கு மாறினாலும் உலாவி மறுபடி பார்க்கும், பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டியதில்லை. இரண்டு படங்களும் ஒரே அளவில் இருக்கட்டும். இல்லையென்றால் மாறும்போது ஒன்று நசுங்கித் தெரியும்.

பிரபு எழுதியது:

அக்கா, இப்படிச் செய்தால் எல்லாருக்கும் ரெண்டு படமும் இறங்குமே, டேட்டா வீண். நான் எப்போதும் ஒரே படத்தை வைத்து, இருள் முறையில் `filter: invert(1)` போட்டுவிடுவேன். கறுப்பு வெள்ளையாகிவிடும், வேலை முடிந்தது. அதனால் சொல்லும் 'தலைகீழ்ப்படம்' என்றே இருக்கலாம்.

நஸ்ரின் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது வேறொரு வழிக்குப் பொருந்தும். இரண்டு `img` வைத்து ஒன்றை `display: none` என்று மறைத்தால், மறைந்திருப்பதும் பெரும்பாலும் இறங்கிவிடும். `picture`-இல் பொருந்தியது மட்டும்தான் இறங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முறையை மாற்றினால்தான் இரண்டாவதும் இறங்கும். அப்போது ஒரு நொடி தாமதம் கண்ணில் படலாம்.

`invert` ஒற்றை நிறச் சின்னத்துக்குச் சரி. வாசகசாலைச் சின்னத்தில் போட்டுப் பாருங்கள்: எழுத்து வெளுக்கும், கூடவே மஞ்சள் சுடர் நீலமாகிவிடும். அதைத் திருத்த `hue-rotate(180deg)` சேர்ப்பார்கள். மஞ்சள் திரும்பி வரும், ஆனால் அதே மஞ்சளாக வராது. ஆட்கள் இருக்கும் ஓவியமென்றால் முகம் பழைய பிலிம் நெகட்டிவ் மாதிரி ஆகிவிடும். கையால் வரைந்த இரண்டாவது படத்தில் எழுத்தை மட்டும் வெளுக்கவைத்து, சுடரைத் தொடாமல் விடலாம். இந்த வசதியே அதற்குத்தான். ஆகவே 'தலைகீழ்' வேண்டாம்.

சேவியர் எழுதியது:

சொல் விவாதத்துக்குள் என் கதையைக் கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். மூன்று நாளாகத் தூக்கமில்லை. எங்கள் தேவாலயத் தளத்தின் மேல்மூலையில் நிலா பொத்தான் ஒன்று வைத்திருக்கிறேன். அழுத்தினால் பின்னணி கறுக்கிறது, எழுத்து வெளுக்கிறது, சின்னம் மட்டும் அசையவில்லை. நஸ்ரின் தந்ததைப் போலத்தான் எழுதியிருக்கிறேன். என் போனில் சரியாகத் தெரிகிறது, பங்குத்தந்தையின் கணினியில் தெரியவில்லை.

நஸ்ரின் எழுதியது:

உங்கள் போனே இருள் முறையில் இருக்கும், அதனால் சரியாகத் தெரிகிறது. அவர் கணினி வெளிச்சத்தில் இருக்கும். அந்த `media` வரி கருவியின் அமைப்பை மட்டுமே பார்க்கிறது, உங்கள் நிலா பொத்தான் அதற்குத் தெரியாது. போனை வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள், அதே கோளாறு உங்களுக்கும் தெரியும். பொத்தானின் ஜாவாஸ்கிரிப்டில் இதைச் சேர்க்கவும். `dark` என்பது பொத்தான் இருளில் இருக்கிறதா என்பது:

```js
document.querySelectorAll('picture source')
  .forEach(s => s.media = dark ? 'all' : 'not all');
```

பக்கத்தில் வேறு காரணத்துக்காக வைத்த `source` இருந்தால் அதையும் இது மாற்றிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பொத்தானின் நிலையைச் சேமித்துவைத்தாலும், ஸ்கிரிப்ட் ஓடுவதற்குள் உலாவி முதல் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும். பக்கம் திறக்கும்போது சின்னம் ஒருமுறை மினுக்கும். அதற்கு முழுமையான தீர்வு என்னிடம் இல்லை.

சேவியர் அண்ணன் கதை நம் சொல்லுக்கும் உதவுகிறது. இருள் முறையிலேயே பக்கத்தைத் திறப்பவருக்கு எந்தப் படமும் மாறுவதில்லை. அவர் முதலிலிருந்தே ஒன்றைத்தான் பார்க்கிறார். உலாவி செய்வது தேர்வு. 'மாற்றம்' என்று பெயர் வைத்தால் படிப்பவர் யாரோ ஓர் இடத்தில் மாற்றிவிடுகிறார்கள் என்று நினைத்து, பொத்தானையும் அதுவே கவனித்துக்கொள்ளும் என்று நம்புவார்.

முருகேசன் எழுதியது:

இப்போது புரிகிறது. இரவை விட்டுவிடுகிறேன். ஒரே சின்னத்துக்கு இரண்டு படிகள் இருக்கின்றன, ஒன்று இருளுக்கென்று எழுதியது. அச்சுப்படி, கைப்படி என்கிறோமே, அந்தப் 'படி'. இருள் + படி = இருட்படி. அருட்பா போலப் புணரும். பேச்சில் 'இருள்படி' என்றாலும் குற்றமில்லை.

பிரபு எழுதியது:

ஐயா, நன்றாக இருக்கிறது. அப்புறம் வெளிச்சத்துக்கான படம் 'ஒளிப்படி'யா?

கயல்விழி எழுதியது:

அதுதான் இடிக்கிறது. ஒளிப்படம் என்றால் கேமராவில் எடுத்தது, ஒளிநகல் என்றால் ஜெராக்ஸ். இரண்டுக்கும் நடுவில் 'ஒளிப்படி' வந்தால் யாருக்கும் விளங்காது. 'வெளிர்படி' என்றால் நிறம் மங்கிய படம் போல ஒலிக்கிறது. உதவிப் பக்கத்தில் அதற்குப் பெயரே வைக்காமல் 'வழக்கமான படம்' என்று எழுதுகிறேன். நிரலிலும் அது எதுவும் பொருந்தாதபோது வருகிற படம்தானே.

என் வாக்கியம் இப்போது இப்படி: "சின்னத்துக்கு இருட்படி ஒன்றைச் சேர்த்தால், பார்வையாளரின் கருவி இருள் முறையில் இருக்கும்போது உலாவி அதைத் தேர்ந்தெடுக்கும்." அதன் கீழே, தளத்திலுள்ள பொத்தானுக்கு இது பொருந்தாது என்று தனி வரியும் சேர்த்துவிட்டேன்.

சேவியர் எழுதியது:

சின்னம் மாறிவிட்டது, நன்றி! மினுக்கல் இருக்கிறது. ஒரு சந்தேகம்: எஸ்விஜி கோப்பில் இரண்டு நிறத்தையும் உள்ளேயே எழுதிவிட்டால் இரண்டாவது கோப்பே வேண்டாமாம். அப்போது இருட்படி என்று எதைச் சொல்வது?

முருகேசன் எழுதியது:

ஒரே ஏட்டில் இரண்டு பாடமா? அப்படியானால் 'படி' பொருந்தாது. யோசித்து எழுதுகிறேன்.