குரூப்பை 'அட்மின் மட்டும்' என்று பூட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்களேன்

பள்ளிக்கரணைவாசி: 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை. எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் நானும் ஓர் அட்மின். காலையிலிருந்து 2015 வெள்ள வீடியோ, ஏரி உடைந்துவிட்டதாக வாய்ஸ் நோட்டு, அதற்கு மறுப்பு, மறுப்புக்குச் சண்டை. நடுவில் சி பிளாக் அம்மா ஒருவர் "இன்சுலின் தீரப்போகுது, யார்கிட்டயாவது இருக்கா?" என்று போட்டது யார் கண்ணிலும் படவில்லை. மேலே தள்ளிக்கொண்டே போனபோது தற்செயலாகப் பார்த்தேன். அந்த நிமிடமே பூட்டினேன். மருந்து எதிர்வீட்டிலேயே கிடைத்துவிட்டது. ஆனால் மாலையில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, "எங்க வாயைக் கட்ட நீங்க யாரு சார்?" என்று கேட்டார் ஒருவர். இன்றுவரை முகம் கொடுப்பதில்லை.

மடிப்பாக்கம் ராதா: பூட்டியது சரிதான். கீழே என்ன எழுதினீர்கள்? இன்னார் மாற்றினார் என்று உங்கள் பெயரோடு ஒரு வரி எல்லோருக்கும் தெரியும். அதன்பின் மௌனம் என்றால், காரணத்தை அவரவரே கற்பித்துக்கொள்வார்கள். எங்கள் சங்கத்தில் விளக்கத்தை முதலிலேயே டைப் செய்து வைத்துக்கொள்வோம். பூட்டிய கையோடு ஒட்டிவிடுவோம். முன்கூட்டிப் போட்டால் அதுவும் சண்டையில் புதைந்துவிடும். கடந்த மழைக்குப் போட்டது இது:

"உதவி கேட்பவர்களின் செய்தி கண்ணில் படாமல் போகிறது. அதனால் இரவு 9 மணி வரை அட்மின்கள் மட்டும் பதிவிடுவோம். தண்ணீர், ஜெனரேட்டர், பால் நிலவரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். அவசரத்துக்கு உங்கள் பிளாக் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள், எண்கள் கீழே. மற்றதெல்லாம் பேச தனி குரூப், லிங்க் கீழே."

யார் மீதும் குறை சொல்லவில்லை பாருங்கள். 'வதந்தி பரப்பாதீர்கள்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும், வீடியோ போட்டவர் வாசலுக்கு வந்துவிடுவார். திறக்கும் நேரமும் கட்டாயம். சொன்னபடி 9 மணிக்குத் திறக்கவும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

குமார்_தாம்பரம்: எனக்கு உடன்பாடில்லை. ஒரு மணி நேரம் முன்னால் பூட்டியிருந்தால் அந்த அம்மா எங்கே கேட்டிருப்பார்? ரியாக்‌ஷன்கூடப் போட முடியாதே.

மடிப்பாக்கம் ராதா: ரியாக்‌ஷன் போடலாம் தம்பி. 'பால் வேண்டுவோர் 👍' என்று கேட்டே கணக்கெடுத்திருக்கிறோம். கேட்பதற்குத்தான் பிளாக் பொறுப்பாளர். அவரையும் அட்மின் ஆக்கிவிட வேண்டும்.

குமார்_தாம்பரம்: கரண்ட் போய்ப் பொறுப்பாளர் போன் அணைந்துவிட்டால்? எங்கள் தெருவில் அதுதான் நடந்தது.

செல்வி அத்தை: எங்க சொந்தக்கார குரூப்பில் பெரியப்பா தினமும் குட்மார்னிங் படம் போடுகிறாரே என்று பூட்டினேன். கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார். திரும்பச் சேர்க்க என்ன அமுக்க வேண்டும்?

பள்ளிக்கரணைவாசி: அத்தை, முதலில் அவருக்குப் போன் போடுங்கள். ராதா மேடம், நான் "தற்காலிகமாக மூடப்பட்டது" என்று மட்டும்தான் போட்டேன். குமார் கேட்டதற்கு யாராவது வழி சொல்லுங்கள். பிளாக்குக்கு இரண்டு பேர் போட்டால் சரிவருமா?