சுத்த ரத்தம், அசுத்த ரத்தம்: மாற்றுச் சொல் வேண்டும்

கோத்தகிரி, உயிரியல் ஆசிரியை

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்தேன். தமனி, சிரை, தந்துகி மூன்றையும் ஒப்பிட வேண்டும், அப்புறம் கெண்டைக்கால் தசையிலிருந்து கிளம்பும் ஒரு சிவப்பணு இதயத்துக்குப் போய்த் திரும்பக் காலுக்கே வரும் பாதையை எழுத வேண்டும். ஒப்பீட்டில் குறையில்லை: தமனிக்குத் தடித்த சுவர், சிரைக்கு வால்வு, தந்துகிக்கு ஒரே அடுக்குச் செல். பாதையில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு மாணவி வலது வெண்ட்ரிக்கிளுக்கு அடுத்து 'நுரையீரல் தமனி' என்று சரியாக எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு 'நுரையீரல் சிரை' என்று மாற்றியிருக்கிறாள். கேட்டால், "அதில் அசுத்த ரத்தம்தானே டீச்சர் போகுது, அப்போ சிரைதானே" என்கிறாள். அவளுடைய தர்க்கத்தில் பிழையில்லை, நாம் கொடுத்த சொல்லில்தான் பிழை. இந்த இரண்டு சொற்களுக்கும் மாற்று வேண்டும்.

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? ஆக்ஸிஜனேற்றப்பட்ட ரத்தம், ஆக்ஸிஜனற்ற ரத்தம். தெளிவாக இருக்கிறது, சுத்தம் அசுத்தம் என்ற பேச்சே வராது.

குன்னூர், தேயிலை ஃபேக்டரி மேற்பார்வையாளர்

சிரை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். நாள் முழுக்க நின்றே வேலை. முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. அசுத்த ரத்தம் தேங்குவதால் என்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் சரியாகுமா?

ஊட்டி, ஓய்வுபெற்ற உடலியங்கியல் பேராசிரியர்

முதலில் தம்பிக்கு. புடைத்திருப்பது நரம்பு இல்லை, சிரை. காலிலிருந்து ரத்தம் மேலே ஏறக் கெண்டைக்கால் தசை சுருங்கிப் பிழிய வேண்டும், ஏறியது கீழே வராமல் வால்வு தடுக்க வேண்டும். அசையாமல் நின்றால் தசை பிழியாது, வால்வும் பழுதானால் ரத்தம் தேங்கிச் சிரை விரியும். ரத்தத்தை எடுப்பதால் வால்வு சரியாகாது. டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி சொல்லுக்கு வருவோம். 'ஆக்ஸிஜனேற்றம்' என்பது வேதியியலில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதை அப்படித்தான் சொல்கிறோம். ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது, பிறகு விட்டுப் போகிறது, அதிலுள்ள இரும்பு துருவின் நிலைக்கு மாறுவதில்லை. மாறிவிட்டால் அந்த ஹீமோகுளோபினால் ஆக்ஸிஜனைச் சுமக்கவே முடியாது. 'அற்ற' என்பதும் தவறு. ஓய்வாக இருக்கும்போது நுரையீரல் தமனியில் வரும் ரத்தத்தில்கூட ஹீமோகுளோபின் சுமார் 75 சதவீதம் ஆக்ஸிஜனோடுதான் இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதனால் இங்கே விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் சமவெளியைவிடச் சில எண்கள் குறைவாகக் காட்டலாம். ஆக, இது உண்டு இல்லை என்ற கணக்கே இல்லை, கூடுதல் குறைவுதான். ஆக்ஸிஜன் மிகு ரத்தம், ஆக்ஸிஜன் குறை ரத்தம் என்றால் போதும்.

'அசுத்தம்' ஏன் அடியோடு போக வேண்டும் என்றால், சிறுநீரகச் சிரையைப் பாருங்கள். அதிலிருப்பது ஆக்ஸிஜன் குறை ரத்தம், ஆனால் யூரியா மிகக் குறைவாக இருப்பதும் அதில்தான். அதைப் போய் அசுத்தம் என்பதா?

கூடலூர், நூலகர்

எங்கள் குடும்பம் 1964 ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. அம்மா அங்கே படித்தவர், தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும்தான் சொல்வார். நாடி துடிப்பதும் கையில் தெரிகிறது. அதையே இங்கும் எடுத்துக்கொண்டால் என்ன?

கோத்தகிரி, உயிரியல் ஆசிரியை

நாடி எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் இங்கே நாடி பார்ப்பது என்றால் துடிப்பு, குழாய் இல்லை. பாடநூலும் தமனி என்கிறது, தேர்வு எழுதுகிற பிள்ளைகளை இதில் குழப்ப முடியாது.

மிகு, குறை இரண்டையும் வைத்து அந்த மாணவியோடு உட்கார்ந்து பாதையை மறுபடி எழுதினோம். கால் சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி, இதுவரைக்கும் 'குறை'. நுரையீரல் தந்துகியில் 'மிகு' ஆகிறது. நுரையீரல் சிரை, இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி, கால் தமனி எல்லாம் 'மிகு', காலின் தந்துகியில் மறுபடி 'குறை'. இதயத்தை இரண்டு முறை கடந்தும் அங்கே ரத்தம் மாறவில்லை, மாறியது இரண்டு தந்துகிகளில் மட்டும் என்று அவளே சொன்னாள். இதயத்திலிருந்து போனால் தமனி, இதயத்துக்கு வந்தால் சிரை என்பதும் தனியாக நின்றுவிட்டது.

ஊட்டி, ஓய்வுபெற்ற உடலியங்கியல் பேராசிரியர்

இன்னொரு கேள்வியும் வரும், தயாராக இருங்கள் அம்மா. நுரையீரல் தமனியின் சுவர் பெருந்தமனியைவிட மெல்லியது. அங்கே உச்ச அழுத்தம் சுமார் 25 மில்லிமீட்டர் பாதரசம், பெருந்தமனியில் சுமார் 120. அதனால் 'தமனி என்றால் தடித்த சுவர்' என்பதையும் அதன் ஜோடிச் சிரையோடு வைத்துத்தான் ஒப்பிடச் சொல்லுங்கள்.

குன்னூர், மொழிபெயர்ப்பாளர்

'ஏற்றப்பட்ட' சரிவராது என்பது புரிகிறது. 'மிகு' நன்றாக இருக்கிறது. ஆனால் 'குறை ரத்தம்' என்று தனியாக எழுதினால் ரத்தசோகை என்று படிப்பார்கள். 'குறைந்த ஆக்ஸிஜன் ரத்தம்' என்று மாற்றலாமா? வேறு யாருக்காவது இதைவிட நல்ல சொல் தோன்றுகிறதா?