ஆஸ்பத்திரி கிச்சன் ஷிப்ட் போடுவது எப்படி? காலை டிபன் தினமும் லேட் (அவசரம்)

கிச்சன்_சூப்பர்வைசர்
வணக்கம். திருச்சி பக்கம் 120 படுக்கை தனியார் ஆஸ்பத்திரியில் கிச்சன் பார்த்துக்கிறேன். ஆள் 14 பேர். டிபன் 7.30க்கு வார்டுக்குப் போகணும், 8.15 ஆயிடுது. நேத்து நர்சிங் சூப்பரின்டெண்ட் எம்.டி.கிட்டயே போயிட்டாங்க. ஆள் கேட்டா மேனேஜ்மெண்ட் தரமாட்டேங்குது. இருக்கிற ஆளை வச்சே ஷிப்ட் மாத்தி சரி பண்ண முடியுமா? திங்கள்கிழமைக்குள்ள பேப்பர் கொடுக்கணும்.

டயட்_அக்கா
தம்பி, பாதி விவரம்கூட இல்லையே. இப்ப ஷிப்ட் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரைக்கும்? 7.30க்கு முன்னாடி வேற ஏதாவது கொடுக்கறீங்களா? எத்தனை தட்டு? டயட் லிஸ்ட் வார்டிலிருந்து எப்ப கைக்கு வருது?

கல்யாண_சமையல்
நாங்க முகூர்த்தத்துக்கு 800 இலைக்கு ராத்திரி 2 மணிக்கே அடுப்பைப் பத்த வச்சிடுவோம். 120 படுக்கைக்கு டிபன் எல்லாம் ஒரு விஷயமா? ரெண்டு மாஸ்டர் போதும்.

பழைய_மெஸ்
14 பேரை வச்சுக்கிட்டு 120 படுக்கைக்கு இட்லி தட்டு அனுப்ப முடியலன்னா அது ஷிப்ட் பிரச்சினை இல்ல, ஆள் வேலை வாங்கத் தெரியாத பிரச்சினை. முப்பது வருஷம் ஓட்டல்ல இருந்தவன் சொல்றேன். எல்லாருக்கும் பிரேக் ஷிப்ட் போடுங்க. காலை 5 முதல் 10, சாயங்காலம் 5 முதல் 9. முடிஞ்சது கதை.

கிச்சன்_சூப்பர்வைசர்
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். ஷிப்ட் 6–2.30, 1–9.30, நடுவுல அரை மணி சாப்பாட்டு இடைவேளை. 6 மணிக்கு பால், காபி. 7.30 டிபன். 10.30 கஞ்சி/சூப். 12.30 சாப்பாடு. 4 மணி டீ. ராத்திரி சாப்பாடு 7லிருந்து 7.45க்குள்ள. 9க்கு சுகர் பேஷண்டுகளுக்குப் பால். தட்டு 90 சுமார். லிஸ்ட் 7 மணிக்குத்தான் வரும்.

டயட்_அக்கா
6 மணிக்குப் பால் கொடுக்கணும், ஷிப்டும் 6 மணிக்கா? அப்ப பால் 6.30க்குப் போகுது. அதே ஆட்கள் பால் கிளாஸைத் திருப்பி எடுத்துட்டு வந்து அப்புறம்தான் இட்லி தட்டுல கை வைக்கறாங்க. உங்க நாள் தொடங்கும்போதே லேட்.

இன்னொன்னு, 14 பேர் கணக்கே தப்பு. வார விடுமுறை ஒருநாள் போனா ஒரு நாளைக்கு 12 பேர்தான். ஒருத்தர் லீவுன்னா 11. மேனேஜ்மெண்ட் பேப்பர்ல 14ஐப் பார்க்குது, நீங்க கிச்சன்ல 11ஐப் பார்க்கறீங்க. ஷிப்டை 11க்குப் போடுங்க.

எக்செல்_பித்தன்
ஷீட்ல B-யில உள்ளே வர்ற நேரம், C-யில வெளியே போற நேரம், E-யில அரை மணிக்கு ஒரு வரி போடுங்க. அந்த நேரத்துல எத்தனை பேர் இருக்காங்கன்னு இது சொல்லும்:

```
=COUNTIFS(B:B,"<="&E2,C:C,">"&E2)
```

உங்க ஷிப்டுல காலைக்கு 6 பேர், மத்தியானத்துக்கு 5 பேர்னு வச்சுக்கிட்டா 7 மணிக்கு 6 பேர், மத்தியானம் 1லிருந்து 2.30 வரைக்கும் 11 பேர்! டிபன் நேரத்துல ஆள் இல்ல, சாப்பாடு போன பிறகு கூட்டம். இதுல சமையல்காரர், ஹெல்பர்னு பிரிக்கல, இடைவேளையும் கழிக்கல, அதைக் கண்ணால பார்த்துக்கோங்க.

பழைய_மெஸ்
எக்செல் இட்லி அவிக்காது தம்பி. 4 மணிக்கே எல்லாம் சமைச்சு ஹாட்பாக்ஸ்ல வச்சா ஆச்சு. ராத்திரி சாப்பாட்டையும் 6க்கே கொடுத்துட்டா 8க்கு எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.

டயட்_அக்கா
சாம்பாரை 65 டிகிரிக்கு மேல சூடா வச்சிருந்தா வைக்கலாம். இட்லியை மூணு மணி நேரம் அடைச்சு வச்சா ஈரம் கோத்து வழவழன்னு ஆயிடும். சுகர் பேஷண்டுக்கு இன்சுலினை நர்ஸ் 7 மணிக்குப் போட்டிருப்பாங்க. ஊசி போட்டாச்சு, தட்டு 8.15க்கு வந்தா சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். நர்சிங் சூப்பரின்டெண்ட் மேல போனதுக்குக் காரணம் இதுவாத்தான் இருக்கும். ராத்திரி சாப்பாடு 6க்குக் கொடுத்தா மறுநாள் டிபன் வரைக்கும் பதிமூன்றரை மணி நேரம், 9 மணிப் பாலை நம்பித்தான் இருக்கணும்.

டிபனைப் பின்னாடியிருந்து எண்ணிப் பாருங்க. தட்டு போடற வரிசையில நாலு பேர் நின்னா நிமிஷத்துக்கு ரெண்டு தட்டு. 90 தட்டுக்கு 45 நிமிஷம். கடைசி வண்டி 7.35க்குக் கிளம்பணும்னா வரிசை 6.50க்கு ஆரம்பம். ஆளுக்கு 3 இட்லின்னா 270. உங்க பெட்டியில ஒரு தடவைக்கு எத்தனைன்னு தெரியல, 72ன்னு வச்சுக்கிட்டா நாலு ஈடு. ஊத்தி வேகவச்சு எடுக்க ஈடுக்கு 20 நிமிஷம். 7.15க்கு முடிக்கணும்னா முதல் ஈடு 5.55க்கு ஏறணும். அதுக்கு முன்னாடி தண்ணி கொதிக்கணும், பால் காயணும், பருப்பு வேகணும். அப்ப 4.45க்கு ரெண்டே ரெண்டு பேர் வந்தா போதும், எல்லாரும் வேண்டாம்.

நான் போட்டா இப்படி: 4.45–1.15 ரெண்டு பேர், 6–2.30 நாலு பேர், 11.30–8 ரெண்டு பேர், 1–9.30 மூணு பேர். மொத்தம் 11. சாப்பாட்டு நேரம் போக ஆளுக்கு 8 மணி, வாரம் 48. மத்தியானம் தட்டு போட 8 பேர், ராத்திரிக்கு 5 பேர். 1.15லிருந்து 2.30 வரைக்கும் 9 பேர் இருப்பாங்க. அந்த நேரத்துல மாவு அரைக்கறது, மறுநாள் காய் நறுக்கறது, பாத்திரம் எல்லாம் முடியணும். முடிஞ்சாத்தான் 4.45 ஆட்கள் ரெண்டு பேரால சமாளிக்க முடியும்.

பழைய_மெஸ்
இட்லியே ஏன்? உப்புமா போடுங்க, அரை மணில வேலை முடியும்.

கல்யாண_சமையல்
நோயாளிக்கு உப்புமாவா! பொங்கல் போடலாம்ல.

வார்டு_அட்டெண்டர்
வாரத்துல நாலு நாள் உப்புமா வந்தா பேஷண்ட் எங்களைத்தான் திட்டுறாங்க. பொங்கல்ல நெய் வேற, இதய வார்டுக்கு எப்படிக் கொடுப்பீங்க?

கல்யாண_சமையல்
நெய்யில்லாப் பொங்கல் பொங்கலா?

தேவகி_கேண்டீன்
உப்புமா, பொங்கல் சண்டையை விடுங்க. 4.45க்கு யார் வர்றது? எங்க ஊர்ல முதல் பஸ் 5.20. பிரேக் ஷிப்ட்னு சொன்ன அண்ணன் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 10 மணிக்கு விட்டா ஊருக்குப் போய் திரும்ப 5க்கு வரணும், பஸ் காசு ரெட்டிப்பு. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நாளே போயிடும். எங்க கிச்சன்ல அப்படிப் போட்டு ஒரே மாசத்துல மூணு அக்கா நின்னுட்டாங்க.

பழைய_மெஸ்
நாங்க எல்லாம் அப்படித்தான் வேலை பார்த்தோம்.

தேவகி_கேண்டீன்
நீங்க ஓட்டல்லயே தங்கியிருந்திருப்பீங்க அண்ணே. எங்களுக்குப் புள்ளைங்க இருக்கு.

டயட்_அக்கா
தேவகி சொல்றது சரி. அந்த ரெண்டு பேர் குவார்ட்டர்ஸ்லயோ பக்கத்துத் தெருவுலயோ இருக்கறவங்களா இருக்கணும். இல்லைன்னா ஆஸ்பத்திரி வண்டி அனுப்பணும், அதையும் பேப்பர்ல எழுதுங்க. பெண்கள்னா அவங்க சம்மதத்தை முதல்ல கேளுங்க.

லிஸ்ட் விஷயம் தனி. 7 மணிக்கு லிஸ்ட் வந்தா 6.50க்கு வரிசை ஓடாது. ராத்திரி ஷிப்ட் நர்ஸ் காலை 5.30க்கு ஒரு லிஸ்ட் தரட்டும், அதுக்கப்புறம் வர்ற மாற்றத்துக்கு நாலஞ்சு தட்டு கூடுதலா வச்சுக்கோங்க. சுகர் பேஷண்ட் இருக்கற மாடிக்கு முதல் வண்டி. மூக்குக் குழாய் வழியா ஊத்துற பால், கஞ்சி யார் பண்றாங்க? அதுவும் உங்க ஆளா இருந்தா என் கணக்குல ஒருத்தர் குறையும்.

எக்செல்_பித்தன்
அக்கா போட்ட ஷிப்டை ஷீட்ல ஓட்டிப் பார்த்தேன். ராத்திரி 8க்கு மேல மூணு பேர்தான். பால், பாத்திரம், தரை கழுவறது எல்லாம் மூணு பேரால முடியுமா?

டயட்_அக்கா
தட்டு திரும்பி வர்ற நேரத்தைப் பொறுத்து. அது எனக்குத் தெரியாது, அவர்தான் சொல்லணும்.

*(பன்னிரண்டு நாள் கழித்து)*

கிச்சன்_சூப்பர்வைசர்
எல்லாருக்கும் நன்றி. குவார்ட்டர்ஸ்ல இருக்கிற ரெண்டு பேர் 4.45க்கு வர ஒத்துக்கிட்டாங்க, மத்தவங்க ஷிப்ட் அக்கா சொன்ன மாதிரி. டிபன் கடைசி வண்டி 7.40. குழாய்ப் பால் எங்க ஆள்தான், அதைச் சொல்ல மறந்துட்டேன். அதனால தட்டு வரிசையில ஒருத்தர் குறையுது. 5.30 லிஸ்ட் ஒரு வார்டு மட்டும் இன்னும் தரல. ராத்திரி தட்டு 9 மணி வரைக்கும் மாடியிலேயே கிடக்குது, பாத்திரம் முடிய 10.15 ஆகுது. அதை வார்டு ஆட்கள் இறக்கணுமா, எங்க ஆளான்னு சண்டை நடக்குது.

வார்டு_அட்டெண்டர்
எங்க வேலை இல்ல சார்.